துணியை வைத்தே மாறுவேடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளின் மாறுவேடப் போட்டிக்கு நான் வீட்டில் உடை தைப்பது தெரிந்த நாளிலிருந்து, போட்டி அறிவிப்பு வந்தாலே போன் வந்துவிடும். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், கேள்விகள் மட்டும் அதேதான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். விலங்குக்கு ஆந்தையை மட்டும் எடுத்து முழுதாகச் சொல்லியிருக்கிறேன், அது கைவந்தால் மற்றவை தானாக வரும்.

எனக்குத் தைக்கவே வராது, மெஷினும் கிடையாது. இதெல்லாம் என்னால ஆகுமா?

ஊசியில் நூல் கோத்து நேராக ஓட்டுத்தையல் போடத் தெரிந்தால் போதும். மேடை உடையை ஒரு நாள்தான் போடப்போகிறோம். பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குத் தையல் கோணலாக இருப்பது தெரியாது. உடை எந்த இடத்தில் இழுபடுமோ அங்கே, அதாவது தோள்பட்டை, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில், இரட்டை நூலில் இரண்டு மூன்று முறை அழுத்திப் போட்டுவிடுங்கள்.

பசையை நம்பியே முழு உடையும் செய்ய வேண்டாம். பளபளப்பான துணியில் பசை சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் காய்ந்ததும் விறைத்து, பிள்ளை கையைத் தூக்கும்போது ‘பட்’டென்று விட்டுவிடும். கண், மூக்கு, புள்ளி மாதிரி அசையாத அலங்காரத்துக்குப் பசை, அசையும் இடத்துக்கு நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் துணி எடுக்கறது? ஃபெல்ட்தான் வேணும்னு சொல்றாங்களே?

காது, கண், அலகு மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளுக்கு ஃபெல்ட் உண்மையிலேயே வசதி. அதில் பாவு, ஊடு என்று நூல் கிடையாது, இழைகளை அழுத்தி ஒட்டவைத்த துணி அது. எப்படி வெட்டினாலும் ஓரம் பிரியாது, மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. ஆனால் காற்றோட்டம் குறைவு, கொஞ்சம் கனமும் கூட. உடம்பு முழுக்க ஃபெல்ட் போட்டால் பிள்ளை அரை மணியில் வேர்த்து நனைந்துவிடும்.

பெரிய பரப்புக்கு வீட்டிலுள்ள பழைய பருத்தி விரிப்பு, தலையணை உறை, அப்பாவின் பழைய சட்டை எல்லாம் ஆகும். பருத்தி வெட்டிய ஓரத்தில் பிசிறு வரும். விளிம்பில் ஒரு நூலை நகத்தால் இழுத்துப் பாருங்கள். வழவழவென்று உருவிக்கொண்டு வந்தால் அந்தத் துணியை மடித்துத் தைக்க வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் அப்படியே விட்டாலும் ஒரு நாள் தாங்கும். பழைய டி-சர்ட் துணி பின்னல் துணி, ஓரம் பிரியாமல் லேசாகச் சுருண்டுகொள்ளும். தொப்பிக்கு அதுதான் முதல் தரம். சாட்டின் பார்க்க ஜோர், ஆனால் வெட்டும்போதே நழுவும், நூல் நூலாகப் பிரியும். முதன்முறை செய்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

அளவு எப்படி எடுக்கறது? ஒரு ட்ரெஸ்ஸைக் குடுத்து அளவு பாத்துக்கட்டுமா?

மாறுவேடத்துக்குத் தையல்காரர் அளவு தேவையில்லை. மூன்று அளவு போதும். நெற்றியிலிருந்து காதுக்கு மேலாகத் தலையைச் சுற்றி ஒன்று. கைகளை விரித்து நிற்க வைத்து, ஒரு மணிக்கட்டிலிருந்து முதுகு வழியாக மறு மணிக்கட்டு வரை ஒன்று. பின்கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒன்று. ஐந்து ஆறு வயதில் தலைச்சுற்று பெரும்பாலும் 50 முதல் 52 செ.மீ. இருக்கும். இருந்தாலும் உங்கள் பிள்ளையை அளந்துவிடுங்கள், சில தலைகள் அப்பாவைக் கொண்டிருக்கும்.

உடம்போடு ஒட்டும் சட்டையையும் காற்சட்டையையும் புதிதாகத் தைக்காதீர்கள். பிள்ளை ஏற்கெனவே போட்டுப் பழகிய முழுக்கை டி-சர்ட்டும் எலாஸ்டிக் பேன்ட்டும்தான் அடித்தளம். வேஷமெல்லாம் அதன்மேல் ஏற்றுவதுதான்.

விலங்கு வேஷம்னா முகமூடி இல்லாம எப்படி? முகம் தெரிஞ்சா குழந்தையாத்தானே தெரியும்?

முகமூடி வேண்டவே வேண்டாம். கண் ஓட்டை ஒரு விரல் நகர்ந்தாலும் மேடைப்படி தெரியாது. பேசினால் குரல் உள்ளேயே அமுங்கும். மூச்சு ஆவி பட்டு முகமெல்லாம் நசநசக்கும். மேடையேறிய ஐந்தாவது நொடி பிள்ளை அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளும். இது எத்தனையோ முறை பார்த்த காட்சி.

அதற்குப் பதிலாக விலங்கின் முகத்தைத் தொப்பியில் வையுங்கள். கண்ணும் மூக்கும் பிள்ளையின் நெற்றிக்கு மேல் உட்காரும், கீழே பிள்ளையின் சொந்த முகம் தெரியும். பார்ப்பவர் கண் தூரத்திலிருந்து முதலில் உருவத்தின் வெளிக்கோட்டைத்தான் பிடிக்கிறது. காது எப்படி நிற்கிறது, முதுகில் என்ன இருக்கிறது, கை எப்படி விரிகிறது, இவைதான் “அட, ஆந்தை!” என்று சொல்ல வைப்பவை.

சரி, ஆந்தையை முதல்லேர்ந்து கடைசி வரை சொல்லுங்க.

110 செ.மீ. உயரமுள்ள பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டுக்கு மணிக்கட்டு சுமார் 86 செ.மீ. வரும். சிறகுக்கு 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலத்தில் ஒரு பழுப்புப் பருத்தித் துணி எடுத்து, நீளத்தைச் சரிபாதியாக மடியுங்கள். மடிப்பின் மேல்மூலையில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையில் சாக்குக்கட்டியைக் கட்டி, நூல் 43 செ.மீ. இருக்கும்படி ஒரு வளைவு வரையுங்கள். வெட்டி விரித்தால் அரைவட்டம். அதன் நேர்விளிம்பு கைகளின் மேலே போகும், வளைவு இடுப்புப் பக்கம் தொங்கும். இதைவிட நீளம் வேண்டாம், உட்காரும்போது மிதிபடும்.

அடுத்தது இறகு. இதில்தான் ஆந்தையே இருக்கிறது. அடர்பழுப்பு, வெளிர்பழுப்பு, சந்தன நிறம் என்று கிடைத்த மூன்று துணிகளில் 8 செ.மீ. உயரப் பட்டைகள் வெட்டி, ஒவ்வொன்றின் கீழோரத்தையும் சின்ன டம்ளரை வைத்து அரைவட்டம் அரைவட்டமாக நறுக்குங்கள். இனி பட்டைகளைக் கீழிருந்து மேலாகத் தைக்க வேண்டும். ஓடு வேய்வது மாதிரி, மேல்வரிசை கீழ்வரிசையின் தையலை மூடிக்கொண்டே வரும். மேலிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொரு பட்டையையும் தூக்கித் தூக்கி அடியில் தைக்க வேண்டியிருக்கும், பாதியில் கோபம் வந்துவிடும். முதல் பட்டையின் மேலோரத்தை நேர்விளிம்பிலிருந்து 37 செ.மீ. கீழே வையுங்கள், இறகு நுனி வளைவுக்கு வெளியே 2 செ.மீ. எட்டிப்பார்க்கும். அடுத்தது அதற்கு 6 செ.மீ. மேலே. இப்படியே போனால் ஏழு வரிசையில் துணி நிரம்பிவிடும். ஏழுக்கும் சேர்த்து 90 செ.மீ. அகலத் துணியில் அரை மீட்டருக்குச் சற்று மேல் செலவாகும், மூன்று நிறத்திலும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பட்டையின் மேலோரத்தை மட்டும் தையுங்கள். கீழே விட்டால்தான் கை அசையும்போது இறகு சிலிர்க்கும். பக்கவாட்டில் மிஞ்சுவதைக் கடைசியில் நறுக்கிவிடலாம்.

சிறகைக் கழுத்தில் நாடா போட்டுக் கட்டாதீர்கள். யாராவது பின்னாலிருந்து மிதித்தால் கழுத்து இறுகும். டி-சர்ட்டின் பின்கழுத்து, இரண்டு தோள்நுனி, இரண்டு மணிக்கட்டு என்று ஐந்து இடத்தில் நேர்விளிம்பைப் பிடித்துத் தைத்துவிடுங்கள். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு விரல் தளர்வு இருக்கட்டும், முழங்கை மடங்க வேண்டுமே. டி-சர்ட்டின் முன்பக்கம் சந்தன நிறத்தில் முட்டை வடிவத் துணி ஒன்றை வைத்து, மார்க்கரால் சின்னச் சின்ன ‘V’ வடிவக் கோடுகள் போடலாம். அதை ஒட்டும்போது சட்டைக்குள் ஒரு அட்டையைச் செருகி வையுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட டி-சர்ட்டைக் காலையில் கத்தியால் பிரித்தேன்.

தலைக்குப் பழைய டி-சர்ட் துணியில் ஒரு குல்லாய். நெற்றிக்கு மேலே 11 செ.மீ. சந்தன நிற வட்டங்கள் இரண்டு, அவற்றின் ஓரத்தைச் சுற்றிலும் சிறிதாகக் கத்தரித்துவிடுங்கள். அதன்மேல் 8 செ.மீ. மஞ்சள் வட்டம், அதன்மேல் 4 செ.மீ. கறுப்பு. இரண்டு கண்களுக்கும் நடுவே கீழ்நோக்கி ஒரு சின்ன முக்கோண அலகு. கண் பெரிதாக இருக்கிறதே என்று சுருக்காதீர்கள், ஆந்தைக்கு அதுதான் அழகு.

செஞ்சு முடிச்சுப் பாத்தா பூனை மாதிரி இருக்கு. எங்க தப்பு?

தலைமேல் இருக்கும் முக்கோணத்தில்தான். ஆந்தையின் தலையில் கொம்பு மாதிரி நிற்பவை காதுகளே அல்ல, வெறும் இறகுக் குஞ்சங்கள். நிஜக் காது தலையின் பக்கவாட்டில் இறகுக்குள் மறைந்திருக்கிறது. இது தெரியாமல் நாம் உள்ளே ரோஸ் நிறம் வைத்து, நட்ட நடுவில் நேராக நிறுத்தினால் அது பூனைக்காதாகத்தான் முடியும். குஞ்சத்தைக் கண்வட்டத்தின் வெளியோரத்தில் வைத்து, பக்கவாட்டில் சாயவிடுங்கள். நுனியை மூன்று நான்கு இடத்தில் கத்தரித்துப் பிய்ந்த மாதிரி ஆக்குங்கள். பூனை போய்விடும்.

ஒரு சோதனை சொல்கிறேன். உடையை நாற்காலியில் மாட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இல்லையென்றால் போட்டோ எடுத்து, விஷயம் தெரியாத ஒருவருக்கு அனுப்பி “இது என்ன?” என்று மட்டும் கேளுங்கள். “ஆந்தையா?” என்று கேட்டு அனுப்பினால் அவர் ஆமாம் என்றுதான் சொல்வார்.

காது நிக்கவே மாட்டேங்குது. கம்பி வெச்சுக்கலாமா?

கம்பி வேண்டாம். நுனி எப்படியும் துணியைக் கிழித்துக்கொண்டு வரும், பிள்ளைகள் கூட்டமாக நிற்கும் இடத்தில் கண்ணுக்கு நேரே வரும். காதை ஃபெல்ட்டில் இரண்டு துண்டாக வெட்டி, நடுவே சட்டைக் காலருக்கு வைக்கும் கேன்வாஸை வைத்துச் சுற்றிலும் தையுங்கள்.

அதற்கும் மேலே ஒரு சூட்சுமம், காதின் அடிப்பகுதியைத் தட்டையாகத் தைக்காமல், நடுவில் ஒரு மடிப்பு வைத்துத் தைப்பது. ஒரு தாளைத் தட்டையாகப் பிடித்தால் தொங்கும், லேசாக வளைத்துப் பிடித்தால் நிற்கும் அல்லவா, அதே கதைதான். 8 செ.மீ. அகலக் காதின் அடியை மடித்து 5 செ.மீ. ஆக்கினால் தானாகக் குழிந்து நிமிரும். ஆந்தைக் குஞ்சம், முயல், நாய், எலி எதற்கும் இது பொருந்தும்.

இதே மாதிரி வேற என்ன விலங்கு பண்ணலாம்?

எந்தப் பறவைக்கும் அதே அரைவட்டம்தான், நிறத்தையும் அலகையும் மாற்றினால் கழுகு, கிளி, மயில்கூட வரும். சிங்கத்துக்குக் குல்லாயின் விளிம்பைச் சுற்றி விரல் அகலத் துணிக்கீற்றுகளை முடிந்துகொண்டே போனால் பிடரி. யானைக்குத் தும்பிக்கையை மூக்கில் மாட்டினால் மூச்சுவிட முடியாது, பேசவும் முடியாது. அதைக் குல்லாயின் முன்விளிம்பிலிருந்து தொடங்கி, ஒரு பக்கமாக வளைத்துக் கன்னத்தோரம் விடுங்கள். யானைக்கு அடையாளமே காதின் பரப்புதான், அதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

ஆமை மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். என் மகளுக்கு முதலில் செய்தது ஆமைதான். பஞ்சடைத்த ஓடு அற்புதமாக வந்தது. ஆனால் நாற்காலியில் சாய முடியாமல், தன் முறை வரும் வரை ஒன்றரை மணி நேரம் பாவம் நின்றுகொண்டே இருந்தாள். அதற்கப்புறம் ஓட்டைத் தோள்பட்டை வெல்க்ரோவில் மாட்டி, மேடையேறும்போது மட்டும் ஒட்டுவது என்று மாற்றிக்கொண்டேன்.

பாரதியார் வேஷத்துக்கு முண்டாசு கட்டினா அஞ்சு நிமிஷத்துல அவுந்து மூக்குக்கு வந்துடுது.

பிள்ளை தலையில் கட்டுவதால்தான் அவிழ்கிறது. தலையில் கட்டாமல், வெளியே கட்டித் தைத்துத் தொப்பி மாதிரி மாட்டிவிடுங்கள். பிள்ளையின் தலைச்சுற்றை விட ஒரு செ.மீ. பெரிதான ஒரு பாத்திரத்தைத் தேடிக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் பழைய டி-சர்ட் துணியில் ஒரு குல்லாயை மாட்டுங்கள். இரண்டரை மீட்டர் நீளமுள்ள மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியை லேசாக முறுக்கி, குல்லாயைச் சுற்றிக்கொண்டே வந்து, ஒவ்வொரு சுற்றிலும் நான்கு இடத்தில் குல்லாயோடு சேர்த்து ஒரு தையல் போடுங்கள். ஒரு முனை பின்னால் தொங்கட்டும். பாலியஸ்டர் துணி வழுக்கும், அதில் சுற்று நிற்காது.

தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பாரதி என்றால் முண்டாசு, மீசை, கறுப்புக் கோட்டு மூன்றும்தான். கோட்டு இல்லையென்றால் பெரியவர்களின் கறுப்புச் சட்டையில் கையைச் சுருக்கி, கழுத்து வரை பொத்தானைப் போட்டுவிடலாம். வேட்டியைக் கட்டி நம்ப வேண்டாம். உள்ளே போட்டிருக்கும் அரைக்கால் சட்டையின் இடுப்பில் வெல்க்ரோ வைத்து ஒட்டிவிடுங்கள், விளிம்பு கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். அதே முண்டாசைக் காவியில் செய்து, மீசையை எடுத்துவிட்டு நீளமான காவி அங்கி போட்டால் விவேகானந்தர் ஆகிவிடுவார். அதனால் பாரதிக்கு மீசையைச் சின்னதாக, வெட்கப்பட்டுப் போட்டுவிடாதீர்கள்.

மீசையை எதால ஒட்டறது? முகத்துக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

ஒட்டாமல் கண்மையால் வரைந்துவிடுவதே உத்தமம். ஒட்டு மீசை அரிக்கும், வாயைத் திறந்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வரைந்தபின் கொஞ்சம் முகப்பவுடரை ஒற்றியெடுத்தால் வேர்வையில் வழிவது குறையும்.

முகத்துக்கென்றே வரும் வண்ணத்தைத் தவிர வேறெதையும் முகத்தில் வைக்காதீர்கள். படம் வரையும் அக்ரிலிக் பெயின்ட் தோலுக்கானது அல்ல, உரிக்கும்போது தோல் கன்றிவிடும். நல்ல வண்ணத்தையும் முந்தின நாளே முழங்கையின் உட்புறம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அதோடு விட்டுவிடுங்கள்.

நெல்சன் மண்டேலா வேஷம். முகத்தைக் கறுப்பாக்கணும் இல்லையா?

கூடாது. தோலின் நிறம் வேஷம் இல்லை, பார்ப்பவர் யாரையாவது அது புண்படுத்தும். மண்டேலா என்றால் உலகம் நினைவு வைத்திருப்பது, பெரிய பெரிய வடிவங்கள் அச்சிட்ட, தளர்வான, உள்ளே செருகாத அந்த முழுக்கைச் சட்டையைத்தான். பழைய சேலையோ திரைச்சீலையோ நல்ல அச்சில் இருந்தால் அதில் சட்டை வந்துவிடும். முடியில் கொஞ்சம் பவுடரைத் தூவினால் நரை. இதே கணக்கை யாருக்கும் போடுங்கள்: அவர் உடுத்தியது எது, கையில் வைத்திருந்தது எது என்று பாருங்கள்.

நைட்டிங்கேலுக்குக் கையில விளக்கு வேணுமே. அலாவுதீன் விளக்கு மாதிரி ஒண்ணு அட்டையில பண்ணட்டுமா?

பெரும்பாலான படங்களில் அப்படித்தான் இருக்கும், ஆனால் அது தவறு. 1854-இல் கிரிமியப் போர்க் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள ஸ்குட்டாரி மருத்துவமனைக்குப் போன பிளாரன்ஸ் நைட்டிங்கேல் கையில் பிடித்தது துருக்கிய மடிப்பு விளக்கு. மேலும் கீழும் வட்டத் தட்டு, நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிந்து நீளும் உறை. நமக்கு இது ரொம்ப வசதி. அட்டையில் 12 செ.மீ. வட்டம் இரண்டு, நடுவே மடிப்பு மடிப்பாக அயர்ன் செய்த மெல்லிய வெள்ளைத் துணி, மேலே ஒரு பிடி, உள்ளே பாட்டரியில் எரியும் சின்ன விளக்கு. நெருப்பு எக்காரணம் கொண்டும் வேண்டாம். செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

உடை எளிது. கழுத்து வரை மூடிய அடர்நிற நீண்ட கவுன், வெள்ளைக் காலர், தலையில் வெள்ளைக் குல்லாய். தலைக்குச் சிவப்புச் சிலுவை வைத்த நவீன நர்ஸ் தொப்பி போட்டால், யாரோ ஒரு நர்ஸாகத்தான் தெரிவாள். செஞ்சிலுவைச் சின்னம் வந்ததே 1860-களில், அந்தப் போர் முடிந்த பிறகு.

வேலு நாச்சியாருக்கு எந்தப் படத்தைப் பாத்துத் தைக்கறது? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கே.

புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். வேலு நாச்சியார் இறந்தது 1796-இல். ஆக நாம் பார்க்கும் படங்களெல்லாம் பின்னால் வந்தவர்கள் கற்பனையில் வரைந்தவைதான், அதனால்தான் ஒத்துப்போவதில்லை. வள்ளுவருக்கும் இதே கதை. நாம் பழகிய தாடியும் முடிந்த கொண்டையும் 20-ஆம் நூற்றாண்டில் ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த உருவம்.

இப்படிப்பட்டவர்களுக்கு, பார்ப்பவர்கள் அதிகம் பழகிய படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். இரண்டு படங்களைக் கலந்தால் யாருமே இல்லாத ஒருவர் வந்து நிற்பார். நாச்சியாருக்குச் சேலையைப் பிள்ளையின் பேன்ட்மேல் முன்கூட்டியே கொசுவம் வைத்துத் தைத்து, இடுப்பில் எலாஸ்டிக் போட்டுவிடலாம். வாள் இரண்டு அட்டைகளை ஒட்டியது, நுனி உருண்டையாக. மேடையில் சொல்ல ஒரு வரி வேண்டுமென்றால் 1780-இல் சிவகங்கையை மீட்டதைச் சொல்லட்டும். அது கற்பனையில்லை.

வீட்டுல ஜாலியா போட்டுக்கிட்டா, மேடைக்குப் போனதும் கழட்டறேன்னு அழறா. என்ன பண்ண?

முதலில் பயத்தைப் பார்க்காமல் உடையைப் பாருங்கள். அழுகைக்குப் பாதிக் காரணம் பின்கழுத்தில் குத்தும் தையல் முடிச்சு, நெற்றியை நெறிக்கும் எலாஸ்டிக், இல்லையென்றால் ஊக்கு. தலை எலாஸ்டிக்குக்குள் உங்கள் இரண்டு விரல் சுலபமாகப் போக வேண்டும். முடிச்செல்லாம் வெளிப்பக்கம் இருக்கட்டும், ஊக்கின் மூடும் வாயும் வெளிப்பக்கம்தான். மூன்று நாள் முன்னாலேயே முழு உடையில் அரை மணி நேரம் வீட்டில் விடுங்கள். ஓடட்டும், உட்காரட்டும், தண்ணீர் குடிக்கட்டும். கழற்றியதும் தோலில் சிவப்புக்கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள், சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.

ஆந்தை என்றால் ஒரு வேலையும் கொடுங்கள். ஆந்தையால் கண்ணைக் குழிக்குள் உருட்ட முடியாது, அதனால்தான் தலையை அவ்வளவு தூரம் திருப்புகிறது. கண்ணை விரித்து வைத்து, தலையை மட்டும் மெதுவாக அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பச் சொன்னால், வசனம் மறந்துபோனாலும் கூட்டம் சிரித்துக் கைதட்டிவிடும்.

பாத்ரூம் போகணும்னா முழுசா அவுக்கணுமா?

டி-சர்ட், எலாஸ்டிக் பேன்ட் என்று மேலே சொன்னது இதற்குத்தான். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடை வேண்டாம். வால் இருந்தால் பேன்ட்டில் தைக்காமல், தனி இடுப்புப் பட்டையில் தைத்து வெல்க்ரோவில் மூடுங்கள். ஒரு கையால் எடுத்துவிட்டு ஓடலாம்.

எம் பையன், “மத்தவங்க வாடகை ட்ரெஸ் போட்டு வருவாங்க, எனக்கு மட்டும் பழைய போர்வையா?”ங்கறான்.

அவனை வேலையில் சேர்த்துவிடுங்கள். இறகை டம்ளர் வைத்து வரைவது, எந்த வரிசைக்கு எந்த நிறம் என்று முடிவு செய்வது, கண்ணை ஒட்டுவது, இதெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு முடியும். கத்தரியும் ஊசியும் உங்கள் கையில் இருக்கட்டும். நடுவர் “இதை யார் செய்தது?” என்று கேட்கும்போது அவனுக்குச் சொல்ல நிறைய இருக்கும். அப்படியும் வாடகை உடைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், எடுத்துக் கொடுத்துவிடுங்கள். பிடிக்காத உடையோடு மேடையேற்றினால் நிற்கும் நிலையிலேயே அது தெரிந்துவிடும்.

நாளைக்குக் காலையில போட்டி, இப்பத்தான் டைரியில பாத்தேன். என்ன பண்றது?

தலையை மட்டும் செய்யுங்கள். குல்லாய், கண், குஞ்சம், அலகு எல்லாம் ஃபெல்ட் இருந்தால் ஒன்றரை மணி நேர வேலை. சிறகுக்கு அரைவட்டத்தை வெட்டி, இறகுப் பட்டைக்குப் பதிலாக மார்க்கரால் அதே அரைவட்ட வளைவுகளை, ‘ப’ மாதிரி வளைவு கீழே வரும்படி, வரிசை வரிசையாக வரைந்துவிடுங்கள். சிலிர்ப்பு இருக்காது, மற்றபடி தூரத்துக்குப் போதும். பசையால் ஒட்டியதை இரவு முழுக்கக் காயவிடுங்கள், காலையில் ஒட்டலாம் என்று வைக்காதீர்கள்.

போட்டி முடிஞ்சதும் இதையெல்லாம் என்ன செய்யறது?

சிறகைப் பிடித்திருக்கும் ஐந்து தையலையும் வெட்டினால் டி-சர்ட் மறுபடி டி-சர்ட். ஃபெல்ட்டைத் துவைக்கும் துணியோடு போட்டால் உருமாறி வரும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். காதுகளை நசுக்காமல், உள்ளே கசக்கிய காகிதம் வைத்து எடுத்து வையுங்கள். எங்கள் ஆந்தைச் சிறகு இரண்டு வருஷம் கழித்து, சந்தன நிறப் பட்டைகளைப் பிரித்துவிட்டு வெள்ளைத் தலைக் குல்லாயோடு கழுகாகப் போனது. இப்போது பக்கத்து வீட்டுப் பையனிடம் இருக்கிறது, திருப்பி வாங்க வேண்டும்.